ஆங்கிலம் கலந்து பேசினால் தவறில்லை, வினையில்தான் வழுக்கும்

பைக் பராமரிப்பு பற்றிக் காணொளி போடும் நண்பர் ஒருவர் தன் வசனத் தாளை என்னிடம் திருத்தக் கொடுத்தார். முதல் வரி இப்படி இருந்தது: “உங்கள் பைக்கின் செயினை ஒவ்வொரு 500 கிலோமீட்டருக்கும் ஒருமுறை க்ளீன் செய்து லூப்ரிகேட் செய்வது மிகவும் இம்பார்டண்ட் ஆகும்.”

ஆங்கிலம் அதிகமாகிவிட்டதுதான் குறை என்று அவர் நினைத்திருந்தார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. செயின், கிலோமீட்டர் எல்லாம் மெக்கானிக் கடையில் நாள் முழுக்கப் புழங்கும் சொற்கள்தாம். கோளாறு ‘செய்வது’, ‘ஆகும்’ என்ற இரண்டு இடங்களில் இருந்தது. அது செய்தித்தாளுக்கு எழுதும் வாக்கியம். அதில் ஆங்கிலச் சொற்களைச் செருகியிருக்கிறார்கள், அவ்வளவுதான். நாம் பேசும்போது அப்படிக் கலப்பதில்லை. பொருளின் பெயரைத்தான் ஆங்கிலத்திலிருந்து எடுக்கிறோம். வேற்றுமை உருபும் வினைமுடிவும் பேச்சுத் தமிழாகவே இருக்கும். அதனால் திருத்தத்தை வாக்கியத்தின் கடைசியிலிருந்து தொடங்க வேண்டும். அந்த வரி கடைசியில் இப்படி ஆனது: “500 கிலோமீட்டர் ஓடிச்சுன்னா செயினைத் துடைச்சு லூப் அடிச்சிடுங்க.” ‘இம்பார்டண்ட்’ தானாகவே உதிர்ந்துவிட்டது. செய்யுங்கள் என்று சொன்னாலே முக்கியம் என்பது புரியும்.

அடுத்த தவறு, எல்லா ஆங்கிலச் சொல்லுக்கும் ‘பண்ணு’ போட்டுவிடுவது. டவுன்லோட், சார்ஜ் போன்றவற்றுக்கு அது பொருந்தும். ஆனால் பல சொற்களுக்கு இங்கே பழகிப்போன தமிழ் வினை உண்டு. ஹாரன் அடிக்கிறோம், கியர் போடுகிறோம், பிரேக் பிடிக்கிறோம், டயருக்குக் காற்று அடிக்கிறோம், டிக்கெட் எடுக்கிறோம். நண்பரின் தாளில் ‘பிரேக்கை அப்ளை பண்ணுங்க’ என்று இருந்தது. தெருவில் யாரும் அப்படிச் சொல்வதில்லை; ‘பிரேக் பிடிங்க’ என்று மாற்றினோம். இந்த இணைகளைத் தவறவிட்டால், பேசுபவர் ஆங்கிலத்தில் யோசித்து மொழிபெயர்க்கிறார் என்பது கேட்பவருக்கு உடனே தெரிந்துவிடும். ஐயம் வந்தால் உங்கள் மெக்கானிக்கிடம் பேச்சுக் கொடுங்கள். அவர் எந்த வினையைப் போடுகிறாரோ அதுவே சரி.

சொல்லைத் தேர்வதிலும் அவர் வாயையே நம்பலாம். ‘செயின்’ என்பதைச் ‘சங்கிலி’ என்று தூய்மைப்படுத்தினால் கேட்பவர் ஒரு கணம் தடுமாறுவார். ‘துரு’ என்பதை ‘ரஸ்ட்’ என்று மாற்றினாலும் அதே தடுமாற்றம்தான், ஏனென்றால் அவர் துரு என்றுதான் சொல்வார். எத்தனை சதவீதம் ஆங்கிலம் இருக்கலாம் என்று கணக்குப் போடுவது வீண்வேலை.

‘ஆக்சுவலி’, ‘பேசிக்கலி’, ‘ஸோ’ ஆகியவற்றை இயல்பாக இருக்கட்டுமே என்று தாளில் எழுதி வைப்பவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். பேச்சில் அடுத்து என்ன சொல்வது என்று மனம் தேடும்போது வருபவை அவை. தேட வேண்டிய வரி கண்ணெதிரே இருக்கும்போது அவற்றைப் படித்தால் நடிப்பாகத்தான் ஒலிக்கும்.

ஆங்கிலக் குறிப்புகளிலிருந்து வசனம் எழுதுபவர்கள் இன்னொன்றில் சறுக்குகிறார்கள். அங்கே நாம், நாங்கள் இரண்டுக்கும் ஒரே சொல்தான். ‘இப்ப நாங்க செயினை லூஸ் பண்ணப் போறோம்’ என்றால் பார்ப்பவர் வெளியே நிற்கிறார். ‘நாம’ என்றால் அவரும் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பேனரைப் பிடிக்கிறார். உங்கள் கடையின் வழக்கத்தைச் சொல்லும்போது மட்டும் ‘நாங்க’ போதும்.

தாளில் எந்த எழுத்தில் எழுதுவது என்பதையும் பலர் கவனிப்பதில்லை. பழகாத ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதினால் கேமரா முன் நாக்கு இடறும். ‘பேக்’ என்பது பையா, பின்பக்கமா, பொட்டலமா என்று கண் முடிவுசெய்வதற்குள் குரல் நின்றுவிடும். அத்தகைய சொல்லை ஆங்கில எழுத்திலேயே விட்டுவிடலாம். ஆனால் தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதாதீர்கள். குறில் நெடில் தெரியாமல் ஒவ்வொரு சொல்லையும் ஊகித்தே படிக்க வேண்டியிருக்கும்.

இத்தனையும் செய்த பிறகும் சில வரிகள் முரண்டு பிடிக்கும். அப்போது தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அதே விஷயத்தைப் பக்கத்து வீட்டுத் தம்பிக்குச் சொல்வதுபோல் செல்போனில் பதிவு செய்யுங்கள். சொன்னதை ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதி, பழைய தாளுக்குப் பக்கத்தில் வையுங்கள். நண்பர் அப்படிச் செய்தபோது, தாளில் மூன்று வரி நீண்ட செயின் தளர்வு விளக்கம் வாயில் இப்படி வந்தது: “நடுவுல விரலை வச்சு மேல தள்ளிப் பாருங்க. ரொம்பத் தூக்குதா? அப்போ டைட் வைக்கணும். எவ்வளவு ஆடலாம்னு உங்க வண்டி புக்லயே போட்டிருக்கும்.” அதை அப்படியே வைத்துக்கொண்டோம்.