சீசன் பாய்லரை எழுப்பும்போது நடக்கும் தவறுகள்

சித்தூர் பக்கத்து மாங்கூழ் தொழிற்சாலைகளில் பாய்லர் வருடத்துக்கு மூன்று மாதம்தான் எரியும். தோத்தாபுரி லாரிகள் வர ஆரம்பித்துவிட்டால் இரவு பகல் ஓட்டம். சீசன் முடிந்தால் அடுத்த கோடை வரை கொட்டகையில் சும்மா நிற்கும். குடியாத்தம், பரதராமி பக்கத்திலிருந்து எல்லை தாண்டி வந்து இந்த வேலை பார்க்கிறவர்களில் நானும் ஒருவன். பாய்லர் ஓடும்போது கெடுவதைவிட நிற்கும்போது கெடுவதே அதிகம் என்று இங்கேதான் கண்டேன். உள்ளே சேறு இறுகும், வால்வு ஒட்டிக்கொள்ளும். முதல் வாரத்தில் நாம் செய்யும் தவறுகள் அதன் மேல் வந்து சேரும்.

கண்ணாடியைப் பார்த்துவிட்டு நம்புவது

சில சீசன்களுக்கு முன்பு நடந்தது. விறகில் எரியும் ஒரு டன் பாய்லர்; அதாவது முழு வேகத்தில் மணிக்கு 1000 கிலோ ஆவி தரும். மதியம் ஷிப்டு மாற்றிக்கொள்ளப் போனேன். காலை ஷிப்டுத் தம்பி, "தண்ணி பாதிக்கு மேலயே நிக்குதுண்ணா, ஒண்ணும் பிரச்சனை இல்ல" என்றான். தண்ணீர் மட்டம் காட்டும் கேஜ் கிளாஸைப் பார்த்தேன். அவன் சொன்னது சரி, பாதிக்கு மேல் நின்றது. ஆனால் இரண்டு நிமிடம் பார்த்தும் அந்தக் கோடு அசையவே இல்லை.

பாய்லர் ஆவி கொடுத்துக்கொண்டிருந்தால் உள்ளே தண்ணீர் கொதித்துக் குதிக்கும். கண்ணாடியில் கோடு விரல் அகலமாவது ஏறி இறங்கிக்கொண்டிருக்க வேண்டும். ஆணி அடித்த மாதிரி நின்றால், அந்தத் தண்ணீருக்கும் பாய்லர் தண்ணீருக்கும் தொடர்பு அறுந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

"பம்பு கடைசியா எப்போப்பா ஓடுச்சு?" என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "சாப்பாட்டுக்கு முன்னாடி ஓடுச்சுண்ணா" என்றான். சாப்பிட்டு வந்து முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த அளவுள்ள பாய்லரில் தண்ணீர்ப் பரப்பு சுமார் 4 சதுர மீட்டர் இருக்கும். நெருப்பின் சூட்டுப் புகை ஓடும் டியூப்கள் எப்போதும் தண்ணீருக்குள் மூழ்கியிருக்க வேண்டும். சரியான மட்டத்திலிருந்து மேல் வரிசை டியூப் வரை ஏழரை சென்டிமீட்டர் என்று வைத்தால், நடுவில் இருப்பது 300 லிட்டர்தான். மணிக்கு 1000 லிட்டர் ஆவியாகப் போனால் 18 நிமிடத்தில் டியூப் வெளியே தெரிந்துவிடும். அன்று கூழ் லைனைக் கழுவிக்கொண்டிருந்ததால் ஆவிச் செலவு மூன்றில் ஒரு பங்கு கூட இல்லை. இல்லாவிட்டால் நான் வருவதற்குள்ளேயே எல்லாம் முடிந்திருக்கும்.

கிளாஸை ஊதிப் பார்த்தேன். இதற்குத் திறந்து மூடும் திருகுகளாக மூன்று காக் உண்டு: மேலே ஆவி, கீழே தண்ணீர், அடியில் வடிகால். முதலில் வடிகாலைத் திறந்து, தண்ணீர்க் காக்கை மூட வேண்டும்; ஆவி மட்டும் பலமாக வர வேண்டும். வந்தது. அடுத்து தண்ணீர்க் காக்கைத் திறந்து, ஆவிக் காக்கை மூட வேண்டும். இப்போது தண்ணீர் பீறிட வேண்டும். (அதுவும் வெள்ளையாகத்தான் வரும். 7 கிலோ பிரஷரில் தண்ணீரின் சூடு 170 டிகிரி. வெளியே வந்ததும் ஒரு பகுதி ஆவியாகிவிடும். ஆவி சீறும், தண்ணீர் கனமாக இரையும், காதால் பிரித்துக்கொள்ளலாம்.) எங்களுக்கு ஒரு கொப்புளிப்பு வந்தது, அப்புறம் சொட்டு, அப்புறம் ஒன்றுமில்லை. தண்ணீர் வழி அடைத்திருந்தது. எல்லாம் சரியாக இருந்தால் கடைசியில் ஆவியைத் திறந்து வடிகாலை மூடியதும் தண்ணீர் சட்டென்று தாவி ஏறும். மெதுவாக ஊர்ந்து ஏறினால் பாதி அடைப்பு.

கீழ் வழி அடைத்தால் கண்ணாடி காலியாகத்தானே தெரியும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. மேலே வரும் ஆவி குளிர்ந்து தண்ணீராகிக் கண்ணாடிக்குள்ளேயே தேங்கும். இறங்க வழியில்லாமல் மட்டம் ஏறிக்கொண்டே போகும். மேல் வழி அடைத்தால், சிக்கிய ஆவி குளிர்ந்து அழுத்தம் குறையும். பாய்லர் தண்ணீரை மேலே தள்ளிவிடும். எந்த அடைப்பாக இருந்தாலும், இல்லாத தண்ணீரை இருப்பதாகக் காட்டும். அதனால்தான் இன்னொரு கிளாஸ் வைக்கிறார்கள். அங்கே அது போன சீசனில் உடைந்து, காக்கை மூடியதோடு விட்டிருந்தார்கள்.

மட்டம் தெரியாதபோது பம்பைப் போடுவது

நான் திரும்புவதற்குள் தம்பியின் கை பம்பு சுவிட்சுக்குப் போய்விட்டது. யாருக்கும் தோன்றுவது அதுதான், தண்ணீர் இல்லையென்றால் தண்ணீர் விடு. கையைப் பிடித்துக்கொண்டேன். டியூப் வெறுமையாகிச் சூடேறியிருந்தால், அதன் மேல் தண்ணீர் படும்போது ஒரே நொடியில் ஆவி கிளம்பி அழுத்தம் எகிறும். காய்ந்த இரும்பு திடீரென்று சுருங்கி முனைகள் பிடுங்கிக்கொள்ளும், விரிசலும் விடும்.

ஃபேனை நிறுத்தினோம், புகைவழியில் இருக்கும் டேம்பரை மூடினோம், ஈரச் சாம்பலை மண்வெட்டியால் அள்ளி நெருப்பின் மேல் மூடினோம். விறகைக் கிளறி இழுக்கவில்லை, கிளறினால் முதலில் பற்றி எரியும். சேஃப்டி வால்வையும் தொடவில்லை, மெயின் வால்வையும் திருப்பவில்லை. அழுத்தம் திடீரென்று இறங்கினால் உள்ளே தண்ணீர் பொங்கும். எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு ஆறவிட்டோம்.

மறுநாள் மேன்ஹோலைத் திறந்து டார்ச் அடித்தபோது மேல் வரிசை டியூப்களின் முதுகு தெரிந்தது. இரண்டு டியூப் முனைகளில் கசிவு. கிளாஸின் தண்ணீர்க் காக்கில் சுண்ணாம்பும் சேறும் சிமெண்டு மாதிரி இறுகிக் கிடந்தன. பம்பைத் தானாக ஓட்ட வேண்டிய மிதவையும் அதன் கூட்டுக்குள் சேறு பிடித்து, மேலேயே நின்றிருந்தது. இங்கே போர் தண்ணீர் கடுமையான உப்பு. சீசன் முடிந்த அன்று ப்ளோடவுன் செய்து அடிச்சேற்றை வெளியே தள்ளி, கழுவி, காயவைக்காமல் போனால் இதுதான் நடக்கும். அரசு பாய்லர் இன்ஸ்பெக்டருக்குத் தெரிவித்து, முனைகளைச் சரிசெய்து, தண்ணீர் அழுத்தச் சோதனை முடிந்த பிறகே நெருப்பு மூட்டினோம்.

மட்டம் இறங்கினால் தானாக நின்றுவிடும் என்ற நம்பிக்கையும் விறகுப் பாய்லரில் பாதிதான் உண்மை. டீசலில் எரிவதென்றால் பர்னர் அணைந்துவிடும். விறகில் ஃபேன்தான் நிற்கும், தட்டில் கிடக்கும் தணல் எரிந்துகொண்டே இருக்கும். அதனால் ஷிப்டுக்கு ஒரு முறை கிளாஸை ஊத வேண்டும். மிதவைக் கூட்டையும் ஊதி, பம்பு எடுக்கிறதா, மணி அடிக்கிறதா என்று காதால் கேட்க வேண்டும்.

ஒழுகும் சேஃப்டி வால்வை முறுக்குவது

ஒன்பது மாதம் அசையாமல் இருந்த வால்வில் மூடித்தட்டு இருக்கையோடு ஒட்டியிருக்கும். வெளியேற்றும் குழாயில் குளவி மண்கூடு கட்டியிருக்கும். நானே இரண்டு முறை குச்சி விட்டு எடுத்திருக்கிறேன். அந்தக் குழாயின் அடியில் ஒரு சிறிய வடிகால் துளை உண்டு. அது அடைத்தால் மழைத் தண்ணீர் தேங்கி வால்வை அரித்துவிடும்.

அழுத்தம் ஏறியதும் லேசாக ஒழுக ஆரம்பிக்கும். உடனே ஸ்பேனர் எடுத்து ஸ்பிரிங்கை இறுக்குகிறார்கள். ஒழுகல் நிற்கும். ஆனால் 8 கிலோவில் திறக்க வேண்டியது இப்போது எந்த அழுத்தத்தில் திறக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஒழுகலுக்குப் பெரும்பாலும் காரணம் இருக்கையில் சிக்கிய துரும்புதான். வால்வு திறக்கும் அழுத்தத்தில் முக்கால் பங்காவது ஏறிய பிறகு லீவரைத் தூக்கிவிடுங்கள், வேகமான ஆவி அதை அடித்துக்கொண்டு போகும். குறைந்த அழுத்தத்தில் தூக்கினால் துரும்பு போவதற்குப் பதில் இன்னும் நன்றாகச் சிக்கும். இரண்டு முறை தூக்கியும் ஒழுகினால் இருக்கையைத் தேய்த்துச் சரிசெய்ய வேண்டும். அதற்கு நெருப்பை இறக்கி, வால்வைக் கழற்றித்தான் ஆக வேண்டும். மாம்பழம் காத்திருந்தாலும் வேறு வழியில்லை.

லீவர் தூக்கினால் ஒட்டவில்லை என்றுதான் தெரியும். எந்த அழுத்தத்தில் தானாகத் திறக்கிறது என்று தெரிய, சீசன் தொடக்கத்தில் மெயின் வால்வை மூடி, அழுத்தத்தை மெதுவாக ஏற்றி, ஒருவர் கேஜ் பக்கத்திலேயே நின்று பார்க்க வேண்டும். சான்றிதழில் எழுதிய அழுத்தத்தைத் தாண்டியும் திறக்காவிட்டால் நெருப்பை இறக்க வேண்டியதுதான். அதற்கு முன், பாய்லர் ஆறியிருக்கும்போது கேஜ் முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்றும் பாருங்கள்.

கூழ் சூடாக்கும் இரட்டைச் சுவர் அண்டாவுக்கும் இதே கவனம் வேண்டும். பாய்லரில் 7 கிலோ இருக்கும், அண்டாவின் சுவர் 3 கிலோவுக்குத்தான் செய்யப்பட்டிருக்கும். நடுவில் அழுத்தம் குறைக்கும் வால்வு கெட்டால், அல்லது அவசரத்துக்குப் பைபாஸைத் திறந்துவிட்டால், முழு அழுத்தமும் அண்டாவுக்கு வரும். குறைக்கும் வால்வுக்கு அப்பால், அண்டாப் பக்கம், தனியாக ஒரு சேஃப்டி வால்வு இருந்தே ஆக வேண்டும்.

லாரி வந்த பிறகு இன்ஸ்பெக்டரைத் தேடுவது

1923-ம் வருடச் சட்டத்தின் இடத்தில் இப்போது 2025-ம் வருட பாய்லர் சட்டம் இருக்கிறது. சான்றிதழ் இல்லாமல் எரிக்கக் கூடாது என்பது மாறவில்லை. சோதனைக்குப் பாய்லர் ஆறி, வடித்து, மேன்ஹோலும் சேற்றுத் துளைகளும் திறந்து, டியூப் துடைத்து இருக்க வேண்டும். மே மாதம் விண்ணப்பித்தால் அவசர அவசரமாகத் திறந்து காட்டுவோம். ஏதாவது சொன்னால் சரிசெய்ய நாள் இருக்காது. பிப்ரவரி, மார்ச்சில் முடித்துவிட்டால் ஒரு வருடச் சான்றிதழ் சீசன் முழுவதும் தாங்கும். வருகிறார்கள் என்று முன்பக்கத் தகட்டுக்குப் பெயிண்ட் அடிக்காதீர்கள், கசிவின் தடம் அதற்கடியில் மறைந்துவிடும். ஊர் வெல்டரை வைத்து ஓட்டையை அடைப்பதும் கூடாது. அந்தப் பழுதுக்கு முன் அனுமதியும், பாய்லர் வேலைக்குத் தேர்வு பெற்ற வெல்டரும் வேண்டும். விபத்து ஏதும் நடந்தால் 24 மணி நேரத்துக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

எல்லைப்பக்கம் இன்னொரு தவறு நடக்கிறது. ராணிப்பேட்டையிலோ ஆம்பூரிலோ மூடிய தோல் தொழிற்சாலையின் பழைய பாய்லரை வாங்கி, லாரியில் ஏற்றிச் சித்தூரில் இறக்குகிறார்கள். "சான்றிதழ் இன்னும் ஏழு மாசம் இருக்குது" என்று விற்பவர் காட்டுவார். நிலையாக வைத்த பாய்லரைப் பெயர்த்து எடுத்தாலே அந்தச் சான்றிதழ் செல்லாது. ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோனால் அதையும் முறைப்படி தெரிவித்த பிறகே எரிக்கலாம். அப்படி ஒன்றை வாங்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்டால், ஒரு தாளும் பென்சிலும் எடுத்துப் போகச் சொல்வேன். பதிவெண் பாய்லரின் உடம்பிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். பெயிண்ட்டைச் சுரண்டி, தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எண் எழும்பி வரும். அது சான்றிதழில் இருக்கும் எண்ணோடு ஓர் எழுத்து மாறினாலும் முன்பணம் கொடுக்க வேண்டாம்.