ஏழாண்டுக் கடனுக்கு ஏழாண்டுப் பத்திரம் போதாது

ஏழு ஆண்டு கழித்து ஒரே தவணையாக 10 லட்சம் ரூபாய் கட்டியாக வேண்டும். சந்தை வட்டி 7% என்றால் இன்று ஒதுக்க வேண்டியது 6,22,750 ரூபாய். இந்தப் பணத்துக்குப் பெரும்பாலோர் தேடுவது 7 ஆண்டில் முதிரும் பத்திரத்தை. முதல் தவறு அங்கேதான்.

ஆண்டுக்கு ஒருமுறை 7% வட்டியைக் கூப்பனாகத் தரும் அப்படியொரு பத்திரத்தை முகமதிப்புக்கே வாங்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம். மறுநாளே வட்டி 5 சதவீதத்துக்கு இறங்கி அங்கேயே நின்றுவிட்டால், வருகிற கூப்பனையெல்லாம் 5 சதவீதத்தில்தான் மறுமுதலீடு செய்ய முடியும். ஏழாம் ஆண்டு முடிவில் கையில் இருப்பது சுமார் 9,77,700 ரூபாய். 22,000 ரூபாய்க்கு மேல் துண்டு விழுகிறது.

இதே பணத்தில் 9 ஆண்டுப் பத்திரம் வாங்கியிருந்தால் கதை வேறு. அதன் டியூரேஷன், அதாவது அதிலிருந்து வரும் பணத்தை இன்றைய மதிப்பால் எடையிட்டால் கைக்கு வர ஆகும் சராசரி காலம், 6.97 ஆண்டு. கடனின் 7 ஆண்டோடு அது ஏறக்குறையப் பொருந்துகிறது. வட்டி இறங்கும்போது கூப்பன் வருமானம் குறைந்தாலும், இன்னும் இரண்டு ஆண்டு மிச்சமுள்ள பத்திரத்தைக் கூடுதல் விலைக்கு விற்கலாம். மொத்தம் சுமார் 10,00,800 ரூபாய் வரும். வட்டி 9 சதவீதத்துக்கு ஏறினால் விற்பனை விலை குறையும், மறுமுதலீட்டு வருமானம் கூடும். அப்போதும் 10 லட்சம் தேறிவிடுகிறது.

இங்கே கடனின் காலத்தோடு பொருத்த வேண்டியது மேலே சொன்ன சராசரி காலத்தை, அதாவது மெக்காலே டியூரேஷனை. மாடிஃபைட் டியூரேஷன் என்பது அதை 1.07 ஆல் வகுத்த எண். விலை எவ்வளவு ஆடும் என்று சொல்வது. பலர் அந்த எண்ணை 7-க்குக் கொண்டுவருகிறார்கள். அப்போது கையில் வருவது 10 ஆண்டுப் பத்திரம். வட்டி 9 சதவீதமானால் அதில் 7,700 ரூபாய் குறையும்.

நான் அதிகம் கவலைப்படுவது அடுத்த தவறைப் பற்றித்தான்: ஒருமுறை பொருத்திவிட்டு, கூப்பன் வந்ததும் யோசிக்காமல் அதே பத்திரத்தில் போடுவது. ஓர் ஆண்டு போனதும் கடனுக்கு மிச்சம் 6 ஆண்டு. ஆனால் 8 ஆண்டு மிச்சமுள்ள அந்தப் பத்திரத்தின் டியூரேஷன் 6.39. முதல் கூப்பன் 43,592 ரூபாயையும் அதிலேயே போட்டால் முழுத் தொகுப்பும் 6.39-ல் நிற்கும். அதற்குப் பதில் அரசின் குறுகிய காலக் கடன் பத்திரமான 364 நாள் டிரஷரி பில்லில் போட்டால் தொகுப்பின் டியூரேஷன் 6.04-க்கு வந்துவிடும். விற்கவும் வேண்டாம், தரகும் இல்லை. வட்டி பெரிதாக நகர்ந்தால் டியூரேஷனும் மாறும் என்பதால், ஒவ்வொரு கூப்பனுக்கும் கணக்கைத் திரும்பப் போட வேண்டும்.

இந்தப் பாதுகாப்பு குறுகிய காலம், நீண்ட காலம் என எல்லாக் காலப் பத்திரங்களின் வட்டியும் ஒரே அளவு நகரும் என்ற அனுமானத்தில் நிற்கிறது. 2 ஆண்டு, 20 ஆண்டுப் பத்திரங்களைக் கலந்து டியூரேஷனை 7 ஆக்கினால், குறுகிய கால வட்டி இறங்கி நீண்டகால வட்டி ஏறும்போது இரண்டு பக்கமும் அடிபடும். 9 ஆண்டை ஒட்டிய பத்திரங்களிலேயே இருப்பவருக்கு அந்த அடி மிகக் குறைவு. 7 ஆண்டில் முதிரும் கூப்பனில்லாத அரசுப் பத்திரம் கிடைத்தால், இந்தக் கணக்கு எதுவும் தேவைப்படாது.