மரத்தில் விளிம்புகள் ஏன் உச்சிகளை விட ஒன்று குறைவு? இலையைக் கழற்றி நிறுவுவோம்

ஒரு தாளில் ஆறு புள்ளி வையுங்கள்: திருகோணமலை, நிலாவெளி, குச்சவெளி, கிண்ணியா, மூதூர், கந்தளாய். திருகோணமலையிலிருந்து நிலாவெளிக்கும் கிண்ணியாவுக்கும் கந்தளாய்க்கும் ஒவ்வொரு கோடு. பிறகு நிலாவெளியிலிருந்து குச்சவெளிக்கு ஒன்று, கிண்ணியாவிலிருந்து மூதூருக்கு ஒன்று. புள்ளிகள் உச்சிகள், கோடுகள் விளிம்புகள். உச்சி 6, விளிம்பு 5. உண்மையில் இன்னும் நிறைய வீதிகள் இருக்கின்றன, இப்போதைக்கு இந்த ஐந்து போதும்.

இந்தப் படம் ஒரு மரம். அதாவது எந்த உச்சியிலிருந்தும் எந்த உச்சிக்கும் போகலாம் (இணைந்தது), ஆனால் போன விளிம்பில் திரும்பி வராமல் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர முடியாது (சுற்று இல்லை).

இதையே வேறு விதமாகவும் சொல்லலாம். எந்த இரண்டு உச்சிகளுக்கும் இடையில் ஒரே ஒரு பாதைதான் இருந்தால் அது மரம். இரண்டு பாதை இருந்தால் அவை பிரிந்து மறுபடி சேரும் இடத்தில் ஒரு சுற்று வந்துவிடும், சுற்று இருந்தால் அதில் உள்ள இரண்டு உச்சிகளுக்கு இரண்டு பாதை இருக்கும், ஆகவே இரண்டும் ஒரே விஷயம். மூன்றாவது விதம்: இணைந்திருக்கும், ஆனால் எந்த விளிம்பை எடுத்தாலும் துண்டுபடும். திருகோணமலை–கிண்ணியா கோட்டை அழித்துப் பாருங்கள், மூதூரும் கிண்ணியாவும் தனியாகப் போய்விடும். மாறாக, கந்தளாயிலிருந்து சேருநுவரப் பக்கமாக மூதூருக்கு ஒரு கோடு போட்டால் உடனே ஒரு சுற்று வந்துவிடும், அதில் எந்த விளிம்பை எடுத்தாலும் எல்லோரும் இணைந்தேதான் இருப்பார்கள்.

நாலாவது விதம்: n உச்சிகள், n − 1 விளிம்புகள், இணைந்தது. இதற்குத்தான் நிறுவல் தேவை.

முதலில் ஒரு இலையைப் பிடியுங்கள்

ஒரே ஒரு விளிம்பு மட்டும் தொடும் உச்சி இலை. குறைந்தது இரண்டு உச்சி உள்ள எந்த மரத்திலும் இலை இருந்தே ஆக வேண்டும். ஏன்? மரத்தில் உள்ள மிக நீளமான பாதையை எடுங்கள். நம் படத்தில் குச்சவெளி–நிலாவெளி–திருகோணமலை–கிண்ணியா–மூதூர். கடைசி உச்சியான மூதூரிலிருந்து இன்னொரு விளிம்பு கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். அது பாதையில் ஏற்கெனவே இருக்கும் ஊருக்குப் போனால் சுற்று வந்துவிடும், புது ஊருக்குப் போனால் பாதை இன்னும் நீளும். இரண்டுமே நடக்காது, ஆகவே மூதூர் இலை. குச்சவெளிக்கும் இதே நியாயம்தான். (கந்தளாயும் இலைதான், ஆனால் அது இந்தப் பாதையில் இல்லை. நமக்கு ஒன்று கிடைத்தால் போதும்.)

இப்போது தொகுத்தறிவு

உயர்தரத்தில் 1 + 2 + … + n கூட்டுத்தொகைக்குச் செய்த அதே கணிதத் தொகுத்தறிவுதான். n = 1 என்றால் ஒரு புள்ளி, விளிம்பு 0. சரி.

k உச்சிகள் உள்ள எல்லா மரங்களுக்கும் k − 1 விளிம்புகள் என்று எடுத்துக்கொள்வோம். இப்போது k + 1 உச்சிகள் உள்ள *ஏதாவது ஒரு* மரத்தை எடுத்து, அதிலிருந்து ஒரு இலையையும் அதன் ஒற்றை விளிம்பையும் கழற்றுங்கள். மீதி மரம்தானா என்று பார்க்க வேண்டும். எடுத்ததால் புதுச் சுற்று வராது. துண்டுபடவும் செய்யாது, ஏனென்றால் மற்ற இரண்டு உச்சிகளுக்கு இடையிலான பாதை இலை வழியாகப் போயிருக்க முடியாது, உள்ளே போக ஒரு விளிம்பும் வெளியே வர இன்னொரு விளிம்பும் வேண்டுமே. ஆகவே மீதி k உச்சி உள்ள மரம், விளிம்பு k − 1. கழற்றியதைத் திருப்பி மாட்டினால் விளிம்பு k. முடிந்தது.

இலையைத்தான் கழற்ற வேண்டும், கண்ட உச்சியை அல்ல. திருகோணமலையை எடுத்தால் படம் மூன்று துண்டாகும், நிறுவல் அங்கேயே நின்றுவிடும்.

அப்புறம் ஆரம்பத்தில் அநேகம் பேர் இதைத் தலைகீழாக எழுதுவார்கள்: "k உச்சி மரத்தை எடுத்து ஒரு இலை ஒட்டினேன், ஒரு விளிம்பு கூடியது." கணக்கு சரியாகத் தெரியும், ஆனால் k + 1 உச்சி உள்ள ஒவ்வொரு மரமும் அப்படி ஒட்டித்தான் உருவாகும் என்று எங்கே காட்டினீர்கள்? பெரிய மரத்திலிருந்து தொடங்கிக் கழற்றினால் இந்தக் கேள்வியே எழாது.

மறுபக்கம்

இணைந்த ஒரு படத்தில் n உச்சி, n − 1 விளிம்பு. சுற்று இருக்குமா? இருந்தால் அதில் ஒரு விளிம்பை எடுங்கள், இணைப்பு அறாது. சுற்றே இல்லாமல் போகும் வரை இப்படியே எடுத்தால் கடைசியில் மிஞ்சுவது n உச்சி உள்ள மரம், அதற்கு n − 1 விளிம்பு வேண்டும். ஆனால் நாம் ஒன்றாவது எடுத்துவிட்டோமே! முரண். ஆகவே சுற்று இல்லை.

இணைந்தது என்ற நிபந்தனையை விட்டுவிடாதீர்கள். ஒரு முக்கோணம், பக்கத்தில் தனியாக ஒரு புள்ளி: உச்சி 4, விளிம்பு 3, ஆனால் மரம் இல்லை.