விற்ற கைப்பேசியிலிருந்து வந்த கல்யாணப் படங்கள்

சுங்கை சிப்புட்டில் இருக்கும் என் அத்தைக்கு ஒருநாள் காலையில் தன் புதிய கைப்பேசியில் யாரோ ஒருவரின் கல்யாணப் படங்கள் தெரிந்தன. மணப்பெண்ணையும் தெரியாது, மாப்பிள்ளையையும் தெரியாது. "யாரோ தப்பா அனுப்பிட்டாங்க போல லா" என்று நினைத்தவர், மறுநாளும் படங்கள் கூடவே என்னைக் கூப்பிட்டார். அவை வாட்சப்பில் வந்தவையல்ல. நேராக Google Photos-இல் ஏறிக்கொண்டிருந்தன. அனுப்பிக்கொண்டிருந்தது, இரண்டு வாரத்துக்கு முன் அவர் 250 வெள்ளிக்கு விற்ற பழைய கைப்பேசி.

அத்தை கைப்பேசியை அழிக்காமல் விற்றுவிடவில்லை. அழித்துத்தான் விற்றார். அழித்த விதம்தான் தப்பு.

நடந்தது இதுதான். டவுனில் உள்ள ஒரு கடையில் பழையதைக் கொடுத்துவிட்டுப் புதியதை வாங்கினார். கடைப்பையன் பழையதை அணைத்து, பவர் பொத்தானையும் ஒலிப் பொத்தானையும் சேர்த்து அழுத்தினான். கறுப்புத் திரையில் ஆங்கிலப் பட்டியல் ஒன்று வந்தது. அதில் Wipe data/factory reset என்பதைத் தேர்ந்தெடுத்தான். ஐந்து நிமிடத்தில் கைப்பேசி புதுசுபோல் ஆகிவிட்டது. அத்தைக்கும் திருப்தி.

இப்படிப் பொத்தான் வழியாக அழித்தால் படமும் செய்தியும் போகும், ஆனால் கைப்பேசி தன் பழைய சொந்தக்காரரை மறக்காது. திருடியவன் அழித்து விற்றுவிடக்கூடாது என்பதற்காக 2015-இல், ஆண்ட்ராய்டு 5.1-இல், கூகள் வைத்த பூட்டு இது. கூகள் கணக்கை உள்ளிருந்து நீக்காமல் வெளியிலிருந்து அழித்தால், அது திருட்டு என்றே கைப்பேசி எடுத்துக்கொள்ளும். மறுபடி இயக்கி வைஃபையில் இணைத்ததும், இதில் முன்பு இருந்த கணக்கைப் போடு என்று கேட்டு நிற்கும். அதைத் தாண்ட முடியாது.

வாங்கியவர் பக்கத்துத் தோட்டத்து லயத்தில் இருக்கும் ஓர் இளைஞர். அவர் கடைக்குப் போனார், கடைப்பையன் அத்தையைக் கூப்பிட்டான். "ஆன்ட்டி, உங்க ஜிமெயில் பாஸ்வேர்ட் மட்டும் சொல்லுங்க, நான் போட்டு ஓப்பன் பண்ணி கொடுத்துடறேன்." அத்தை சொன்னார். புதிய கைப்பேசியில் 'உள்ளே நுழைவது நீங்கள்தானா?' என்று கேள்வி வந்தது. அதற்கும் ஆமாம் என்று தட்டினார். எனக்கு வயிற்றைக் கலக்கியது இந்த இடம்தான். பூட்டைத் திறக்கக் கடவுச்சொல்லைப் போடுவது, வாசல் கதவை மட்டும் திறந்துவிடுவது போன்றதல்ல. அந்தக் கைப்பேசியில் அத்தையின் கணக்கே குடியேறிவிடுகிறது. தொடர்பு எண்கள் இறங்கும், மின்னஞ்சல் திறக்கும், குரோமில் சேமித்த கடவுச்சொற்கள் வந்து உட்காரும். மின்னஞ்சல் ஒருவர் கையில் இருந்தால் மற்றச் செயலிகளில் 'கடவுச்சொல் மறந்துவிட்டது' என்று அழுத்தியே பலவற்றுக்குள் போய்விடலாம்.

நல்லவேளையாக, கைப்பேசியை வாங்கிய பையன் எதையும் நோண்டவில்லை. தன் அண்ணன் கல்யாணத்துக்குப் போய்ப் படம் எடுத்திருக்கிறான், அவ்வளவுதான். படங்களைப் பாதுகாக்கும் வசதி அத்தையின் கணக்கில் திறந்திருந்ததால் அவை இங்கே வந்தன. தெரியாத படமோ தெரியாத பெயர்களோ உங்கள் கைப்பேசிக்குள் வந்தால், உங்கள் கணக்கு வேறெங்கோ உயிரோடிருக்கிறது என்று பொருள்.

நான் முதலில் செய்தது, அத்தையின் புதிய கைப்பேசியில் இந்த முகவரியைத் திறந்தது:

```
myaccount.google.com/device-activity
```

கணக்கு திறந்திருக்கும் கருவிகள் எல்லாம் அங்கே வரிசையாக இருக்கும். பழைய கைப்பேசியின் பெயரைத் தட்டி, Sign out கொடுத்து, கடவுச்சொல்லையும் மாற்றினோம். படங்கள் வருவது நின்றது. அத்தைக்கு வேலை முடிந்த மாதிரி இருந்தது. முடியவில்லை. தூரத்திலிருந்து வெளியேற்றினால் கணக்குக்கும் அந்தக் கருவிக்கும் உள்ள தொடர்புதான் அறும். அங்கே ஏற்கெனவே இறங்கிய எதுவும் அதனால் அழிந்துவிடும் என்று நம்ப முடியாது. பூட்டும் அப்படியே இருக்கும். நாளைக்கு அந்தப் பையன் அதைப் பொத்தான் வழியாக அழித்தால், மறுபடி அத்தையின் கணக்கைத்தான் கேட்கும், மறுபடி அத்தைக்குத்தான் அழைப்பு வரும்.

அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தையும் நானும் அந்தப் பையனைக் கடையில் சந்தித்தோம். அவன் படங்களை அவனுக்கே அனுப்பிவிட்டு, நானே கைப்பேசியை வாங்கி, முதல் நாளே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். அது சாம்சங். Settings-இல் Accounts and backup, அதற்குள் Manage accounts. அத்தையின் கூகள் கணக்கைத் தொட்டு Remove account. பிறகு General management, அதற்குள் Reset, அதற்குள் Factory data reset. முதலில் கணக்கு, பிறகு அழிப்பு. இந்த வரிசைதான் முக்கியம். மற்ற நிறுவனங்களின் கைப்பேசிகளில் பெயர்கள் கொஞ்சம் மாறும், வரிசை மாறாது.

இங்கே பலர் தடுக்கி விழும் ஓர் இடம் உண்டு. நம் ஊர்ப் பெரியவர்கள் பலருடைய கூகள் கணக்கு மகனோ கடைக்காரரோ உண்டாக்கிக் கொடுத்தது. கடவுச்சொல் யாருக்கும் ஞாபகமிருக்காது. "பாஸ்வேர்ட் தெரியாதே, எப்படி எடுப்பது?" என்று பொத்தான் வழிக்குப் போய்விடுகிறார்கள். ஆனால் கைப்பேசி திறந்த நிலையில் இருக்கும்போது கூகள் கணக்கை நீக்கப் பெரும்பாலும் திரைப்பூட்டு எண்ணே போதும், கடவுச்சொல் தேவையில்லை. கையில் இருக்கும்போது சுலபம், விற்றபிறகு அலைச்சல். ஐபோனில் அப்படி இல்லை. Find My-ஐ அணைக்க ஆப்பிள் கணக்கின் கடவுச்சொல் வேண்டும். ஷாவ்மி கைப்பேசியில் அவர்களுடைய தனிக் கணக்கு ஒன்று இருக்கும், அதற்கும் தனிப்பூட்டு உண்டு. கூகளை மட்டும் நீக்கிவிட்டு இதை மறந்தவர்கள் நிறைய.

கடவுச்சொல் மறந்துபோய் அன்றே புதிதாக மாற்றினால், பூட்டிய கைப்பேசி அதை உடனே ஏற்காமல் போகலாம். 24 மணி நேரம் பொறுத்திருக்கும்படி கூகள் சொல்கிறது.

அடுத்த தவறு இதற்கு நேர் எதிரானது. அதைச் செய்தவர் அத்தை மகள். அம்மா பட்ட பாட்டைப் பார்த்தவள் தன் கைப்பேசியை விற்குமுன் 'சுத்தம்' செய்ய உட்கார்ந்தாள். சேமித்த கடவுச்சொற்களை ஒன்றொன்றாக அழித்தாள், படங்களை அழித்தாள், எண்களை அழித்தாள். எல்லாம் கணக்கு உள்ளே இருக்கும்போதே. மறுநாள் புதிய கைப்பேசியில் மின்கட்டணச் செயலியைத் திறந்தால் கடவுச்சொல் தானாக நிரம்பவில்லை. படங்களும் இல்லை.

சேமித்த கடவுச்சொல் கைப்பேசியில் மட்டும் இருப்பதில்லை. அது கணக்கில் இருக்கிறது, கைப்பேசியில் தெரிவது அதன் நிழல். கணக்கோடு இணைந்திருக்கும்போது ஓரிடத்தில் அழித்தால் எல்லா இடத்திலும் அழியும். படங்களும் அப்படித்தான். காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்த படத்தை அழித்தால் Google Photos குப்பைத்தொட்டியில் 60 நாள் கிடக்கும், எண்கள் 30 நாள். அதற்குள் மீட்கலாம், அவளும் மீட்டாள். கடவுச்சொற்களை உட்கார்ந்து ஒவ்வொன்றாக மாற்றினாள். ஆகவே விற்கும் கைப்பேசியில் எதையும் கையால் அழிக்க வேண்டாம். கணக்கை நீக்கினால் நிழலும் அதோடு போய்விடும், மிச்சத்தை அழிப்பு பார்த்துக்கொள்ளும். ஆண்ட்ராய்டு 10-உடன் வெளிவந்த கைப்பேசிகளிலும் அதற்குப் பிந்தியவற்றிலும் தகவல் குறியாக்கப்பட்டே இருக்கும். அழிப்பின்போது அதைத் திறக்கும் சாவி போய்விடுவதால், பழைய படத்தைத் தோண்டி எடுப்பது நடைமுறையில் முடியாத காரியம். மெமரி கார்டுக்கு மட்டும் இது பொருந்தாது. அதைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள், அழிப்பு அதைத் தொடாமலேயே விட்டுவிடலாம்.

வங்கிச் செயலியில் வேறொரு சிக்கல். 2022-இல் பேங்க் நெகாரா, குறுஞ்செய்தியில் வரும் ஒப்புதல் எண்ணை விட்டுவிட்டு, ஒப்புதல் தருவதை ஒரே ஒரு கைப்பேசியோடு கட்டிவைக்கும்படி வங்கிகளுக்குச் சொன்னது. புதுக் கைப்பேசியைப் பதிந்தபின் கொஞ்ச நேரம் காத்திருக்க வைப்பதும் அந்த ஏற்பாட்டில் ஒன்று. அந்தக் காத்திருப்பு முடியுமுன் பழையதை அழித்துவிட்டால், சம்பளம் வந்த அன்றே காசு அனுப்ப முடியாமல் தவிப்பீர்கள். செயலியின் படத்தை நீக்கிவிட்டால் போதும் என்றும் எண்ண வேண்டாம், வங்கியின் கணக்கில் அந்தப் பழைய கைப்பேசியே பதிவில் நிற்கும். முதலில் புதியதில் ஒப்புதலைப் பதிந்து, பத்து வெள்ளியாவது அனுப்பிப் பார்த்து, பிறகுதான் பழையதைத் தொட வேண்டும். மின்பணப்பைக்கும் இதே வரிசைதான்.

வாட்சப் எண்ணோடு போகிறது, அதனால் புதிய கைப்பேசியில் பதிந்ததும் பழையது தானாக வெளியேறும். முன்பு எந்தக் கடைக் கணினியிலாவது திறந்து வைத்திருந்தீர்களா என்று Linked devices-இல் ஒருமுறை பாருங்கள், போதும்.

கடைக்குக் கொடுக்குமுன் ஒரு சோதனை உண்டு. அழித்தபின் கைப்பேசியை இயக்கி, வைஃபையில் இணைத்து, கணக்குக் கேட்கும் திரைவரை போங்கள். முன்பு இருந்த கணக்கைக் கேட்டாலோ, பூட்டுப் படம் தெரிந்தாலோ, கணக்கு இன்னும் போகவில்லை. புதுக் கணக்கைக் கேட்டு, Skip என்றும் இருந்தால் போய்விட்டது. அங்கேயே அணைத்துவிடலாம். அந்த ஞாயிற்றுக்கிழமை Skip வந்ததும் அத்தை கைப்பேசியைப் பையனிடம் கொடுத்தார். "அண்ணி அழகா இருக்காங்க பா" என்றார். அத்தைக்கு எப்படித் தெரியும் என்று புரியாமல் அவன் விழித்தான்.