பி.கு. எழுதும் முன்: அறிமுக மின்னஞ்சலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோத்தகிரிக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் சிறிய தேயிலைக் கூடத்தில் இந்தப் பனிக்காலத்தில் இரண்டு இளைஞர்கள் வேலைக்குச் சேர்ந்தார்கள். சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கும் தேநீர்க் கடைகளுக்கும் விடுதிகளுக்கும், அதாவது எங்களை இதுவரை அறியாதவர்களுக்கு, மின்னஞ்சல் எழுதி மாதிரி அனுப்ப அனுமதி கேட்பது அவர்கள் பொறுப்பு. முதல் வாரத்தில் எழுதிய நாற்பது மின்னஞ்சல்களையும் உட்கார்ந்து படித்தேன். ஏறத்தாழ எல்லாவற்றின் அடியிலும் ஒரு பி.கு. இருந்தது, அவற்றில் பாதிக்கு மேல், ஒன்பது ஆண்டுகளுக்கு முன் நான் செய்த அதே தவறைச் செய்திருந்தன. பெயரைப் பிழையாக எழுதுவது, இணைப்பை மறப்பது போன்றவற்றை யாரும் இரண்டாம் முறை செய்யமாட்டார்கள். பி.கு.வில் நேரும் தவறோ செய்தவருக்கே தெரியாமல் ஆண்டுக்கணக்கில் தொடரக்கூடியது என்பதால் அதை மட்டும் எழுதுகிறேன்.

ஒரு கோரிக்கைக்கு அடியில் இன்னொரு கோரிக்கை

எனக்கு இன்றும் ஆறாத தவறு இது. எங்கள் ஊரில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை இரவுக் குளிரில் கொழுந்து மெதுவாக வளரும். உறைபனி கருக்காத சரிவுகளில் அப்போது பறிக்கும் கொழுந்தை நொறுக்காமல் உருட்டிச் செய்யும் ஆர்த்தடாக்ஸ் தேயிலைக்குத் தனி மணம் உண்டு. விளைச்சல் குறைவு, விலை அதிகம். அந்த ஆண்டு அப்படி 60 கிலோ செய்து வைத்திருந்தேன். சென்னையில் நல்ல தேயிலையைத் தேடி வாங்கும் ஒரு கடைக்காரருக்கு மின்னஞ்சல் எழுதினேன். தேயிலை எங்கே, எப்போது, எப்படிச் செய்தது என்று நான்கு வாக்கியங்களில் சொல்லி, "50 கிராம் மாதிரி அனுப்பலாமா?" என்று கேட்டேன். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். பெயருக்குக் கீழே, "பி.கு.: எங்களிடம் சி.டி.சி. டஸ்ட் தேயிலையும் மூட்டைக்கணக்கில் கிடைக்கும்; விலைப்பட்டியல் வேண்டுமானால் தெரிவியுங்கள்" என்று சேர்த்தேன். டஸ்ட் என்பது அன்றாடத் தேநீருக்குப் போடும் மலிவான தூள்.

மறுநாளே பதில் வந்தது: "டஸ்ட் விலைப்பட்டியல் அனுப்புங்கள்." ஒரு வரிதான். பதில் வந்துவிட்ட மகிழ்ச்சியில் பட்டியலை அனுப்பினேன். அவர் அதைக் குன்னூர் ஏல விலையோடு ஒப்பிட்டுப் பார்த்து, தமக்கு ஏற்கெனவே தருபவர்கள் இருக்கிறார்கள் என்று மரியாதையாக மறுத்துவிட்டார். அவர் மறுத்தது சரிதான். டஸ்டில் எங்களைப் போன்ற சிறு கூடம் பெரிய ஆலையோடு விலையில் நிற்க முடியாது. ஆனால் அவர் சுவைத்திருக்க வேண்டிய 50 கிராம் கூடத்திலேயே இருந்துவிட்டது. அடுத்து எழுதியபோது அவர் மனத்தில் நான் மணமுள்ள பனிக்காலத் தேயிலை செய்பவள் அல்ல, விலை ஒத்துவராத டஸ்ட் வியாபாரி. அந்த 60 கிலோவில் பெரும்பகுதி மே மாதம் வரை கிடந்து, மணம் தணிந்த பிறகு, நினைத்ததில் பாதி விலைக்குத்தான் போனது.

இது ஏன் நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, படிப்பவரின் இடத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். மாதிரிக்குச் சம்மதிப்பது என்றால், பார்சலைப் பெற்று, நேரம் ஒதுக்கிச் சுவைத்து, கருத்துச் சொல்ல வேண்டும். விலைப்பட்டியல் கேட்பதற்கு நான்கு சொற்கள் போதும். இரண்டு கேள்விகளை ஒன்றாக வைத்தால், வேலை மும்முரத்தில் இருப்பவர் எளிதானதற்குப் பதில் சொல்லிவிட்டு, பதில் சொல்லியாயிற்று என்ற நிறைவோடு அடுத்த மின்னஞ்சலுக்குப் போய்விடுவார். எளிதான கேள்வியைக் கடைசியாகக் கண்ணில் படும் இடத்தில் வைத்து, அந்த முடிவை அவருக்காக நாமே எடுத்துக் கொடுக்கிறோம். மறுமொழியே வராமல் இருந்தால் எங்கோ பிழை என்று தேடியிருப்பேன். பதில் வந்ததனால், அந்தப் பி.கு. நன்றாக வேலை செய்கிறது என்று நம்பி, மேலும் இருபது பேருக்கு அதையே அனுப்பினேன்.

இந்த ஜனவரியில் இளைஞர்கள் எழுதிய பி.கு. இது: "எங்களிடம் தேனும் நீலகிரித் தைலமும் உண்டு, விலைப்பட்டியல் அனுப்பட்டுமா?" பண்டம் மாறியிருக்கிறது, தவறு அதேதான். அவர்களோடு உட்கார்ந்து அதைத் திருத்திய முறையைச் சொல்கிறேன்.

முதலில் பி.கு.வை முழுதாக எடுத்துவிட்டு மின்னஞ்சலைப் படித்தோம். கேட்பது என்ன, பதிலாக அவர் என்ன அனுப்ப வேண்டும் என்பவை தெளிவாக இல்லை. மாதிரிக்குக் காசு உண்டா, கூரியர் செலவு யாருடையது என்ற விவரங்கள் எங்குமே இல்லை. தம்பிகளில் ஒருவர், "அதையே பி.கு.வில் போட்டுவிடலாமா, அக்கா?" என்று கேட்டார். போடக்கூடாது. முடிவெடுக்க அவசியமான விவரம் கடிதத்தின் உள்ளே, கோரிக்கைக்கு அடுத்த வாக்கியமாகவே இருக்க வேண்டும். அடிவரை படிக்காதவருக்கும் அது போய்ச் சேர வேண்டும். ஆகவே, "மாதிரிக்கும் கூரியருக்கும் நீங்கள் எதுவும் தரவேண்டியதில்லை, கடை முகவரியை மட்டும் அனுப்புங்கள்" என்று உள்ளே எழுதினோம்.

அதன் பிறகுதான் பி.கு. தேவையா என்று பார்த்தோம். அது இல்லாமலும் கடிதம் தனித்து நிற்க வேண்டும்; இருந்தால், அதே கோரிக்கைக்குச் சம்மதிப்பதை அது இன்னும் கொஞ்சம் எளிதாக்க வேண்டும். கிடைத்தது இதுதான்: "பி.கு.: இது ஜனவரிக் கொழுந்தில் செய்தது, மொத்தமே 40 கிலோ. மார்ச்சில் பறிப்பு மாறிவிடும். அப்போது அனுப்பும் மாதிரி வேறு தேயிலையாக இருக்கும்." இதில் புதிய கேள்வி இல்லை. இப்போதே பதில் எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது, அது உண்மையாகவும் இருக்கிறது. பங்குனியிலும் இதே தேயிலை கூடத்தில் இருக்குமென்றால் இந்த வரியை எழுத எங்களுக்கு உரிமை இல்லை.

சொல்லத்தக்க அப்படி ஒன்று கிடைக்கவில்லை என்றால் பி.கு. வேண்டாம். அந்த நாற்பதில் இருபத்தேழு மின்னஞ்சல்களைப் பி.கு. இல்லாமலே அனுப்பியிருக்கலாம் என்று முடிவுக்கு வந்தோம்.

காகிதக் கடிதத்தின் வழக்கத்தை அப்படியே கொண்டுவருவது

"பி.கு.வைத்தானே எல்லாரும் முதலில் படிப்பார்கள்?" என்பது தம்பிகளின் வாதம். இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும். ஜெர்மனியின் சீக்ஃப்ரீட் ஃபோகலே, அஞ்சலில் வரும் விற்பனைக் கடிதங்களைப் படிப்பவர்களின் கண் எங்கெங்கே போகிறது என்று கருவி வைத்துப் பார்த்தவர்; உடல்பகுதியைப் படிக்கும் முன்பே கண் பி.கு.வில் நிற்கிறது என்ற கருத்து அவர் வழியாகவே பரவியது. ஆனால் அது காகிதம். உறையைப் பிரித்தவுடன் பக்கம் முழுவதும் ஒரே பார்வையில் தெரியும், அனுப்பியவர் யார் என்று பார்க்கக் கண் அடிக்குப் போகும், அங்கே பி.கு. இருக்கும்.

மின்னஞ்சலில் அனுப்பியவர் பெயர் மேலேயே இருக்கிறது. கைப்பேசியில் ஒரு நேரத்தில் சில வரிகள்தான் தெரியும். பெட்டியில் பொருள் வரிக்குப் பக்கத்தில் முன்னோட்டமாகத் தெரிவதும் கடிதத்தின் தொடக்கம்தான், முடிவு அல்ல. எனவே ஒருவர் மின்னஞ்சலைத் திறப்பதற்குப் பி.கு. எந்த வகையிலும் உதவாது. திறந்து, அடிவரை தள்ளிப் படித்தவருக்கு மட்டுமே அது எட்டும். அவரோ ஏற்கெனவே பாதி சம்மதத்தில் இருப்பவர். அவருடைய மீதித் தயக்கத்தை நீக்குவதுதான் அந்த வரிக்கு உள்ள வேலை. கடிதம் இரண்டு திரை நீளத்துக்கு மேல் போனால், பி.கு.வைப் பற்றி யோசிப்பதைவிடக் கடிதத்தைக் குறைப்பதே பயன் தரும்.

கையெழுத்துப் பகுதிக்குக் கீழே எழுதுவது

பெயர், தொலைபேசி எண், முகவரி ஆகியவை தானாக வந்து சேரும்படி அமைத்திருப்பவர்கள், பி.கு.வை அதற்கும் கீழே தட்டச்சு செய்கிறார்கள். அந்தப் பகுதிக்கு மேல் பல அஞ்சல் மென்பொருள்கள் `--` என்று ஒரு கோடும் அதையடுத்து ஓர் இடைவெளியும் இடும். அதற்குக் கீழே இருப்பதெல்லாம் கையெழுத்து என்பது பழைய உடன்பாடு. தண்டர்பேர்ட் போன்ற மென்பொருளில் ஒருவர் மறுமொழி எழுதும்போது, அந்தக் கோட்டுக்குக் கீழே உள்ளவை மேற்கோளில் வராமல் போய்விடும். கடைக்காரர் நம் கடிதத்தின் மேலேயே பதில் எழுதித் தம் கொள்முதல் மேலாளருக்கும் ஒரு படி அனுப்பினால், அந்த மேலாளர் நம் பி.கு.வைப் பார்க்கவே மாட்டார். கடிதத்தின் முடிவில் பெயரை நாமே எழுதி, அதன் கீழ் பி.கு.வை வைத்து, அதற்கும் கீழே தானியங்கிக் கையெழுத்து வரும்படி பார்த்துக்கொள்ள வேண்டும்.

நினைவூட்டலில் அதே பி.கு.

அதே இழையில் அதே வரி திரும்ப வந்தால், ஜிமெயில் அதை மூன்று புள்ளிக்குள் மறைத்துவிடக்கூடும்.

அலுவலகங்களுக்கு எழுதும் கடிதத்தில் பி.கு.

வேண்டாம். கோப்பில் ஏறும் கடிதத்தில் எல்லாம் பத்தி எண்ணோடு உள்ளே இருக்க வேண்டும்.

பார்க்காத கடையைப் பாராட்டுவது

எழுதாதீர்கள்.

பதில்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்துத் தீர்மானிப்பது

பி.கு. உள்ள இருபதுக்கு நான்கு பதில், இல்லாத இருபதுக்கு இரண்டு பதில் என்று வந்தால், பி.கு. இருமடங்கு பயன் தருகிறது என்று இளைஞர்கள் எழுதி வைத்துவிடுகிறார்கள். இவ்வளவு குறைந்த எண்ணிக்கையில் அந்த வேறுபாடு தற்செயலாகவே வரலாம். ஒரு கடைக்காரர் ஊருக்குப் போயிருந்தாலே கணக்கு மாறிவிடும். எங்களைப் போல ஒரு பருவத்துக்கு நூறு மின்னஞ்சல்கூட எழுதாதவர்கள் எண்ணிக்கையை வைத்து இதைத் தீர்மானிக்க இயலாது. ஆனால் வந்த பதில் கடிதத்தின் எந்த வரிக்கு வந்தது என்பதை ஒவ்வொரு பதிலிலும் கண்ணால் காணலாம். நான் நோட்டில் மூன்று பத்திகள் போட்டு வைத்திருக்கிறேன்: கோரிக்கைக்கு வந்த பதில், பி.கு.வுக்கு மட்டும் வந்த பதில், இரண்டுக்கும் தொடர்பில்லாத பதில். நடுப்பத்தியில் இரண்டு பதில்கள் சேர்ந்தாலே அந்தப் பி.கு.வை எடுத்துவிடுவேன், மொத்தப் பதில்கள் கூடியிருந்தாலும் சரி.

தம்பிகளின் நாற்பது மின்னஞ்சல்களுக்கு ஆறு பதில்கள் வந்திருந்தன. அவற்றில் நான்கு, தேன் விலையை மட்டும் கேட்டிருந்தன. அந்த நால்வருக்கும் தேன் விலையைச் சொல்லிவிட்டு, தனியாக ஒரு புதிய மின்னஞ்சலில், பி.கு. இல்லாமல், மாதிரி அனுப்புவதைப் பற்றி மட்டும் கேட்டு எழுதச் சொன்னேன். இருவர் கடை முகவரியை அனுப்பினார்கள். மாதிரிகள் வியாழக்கிழமைக் கூரியரில் போயின.