'நோட்டட்' என்று ஒரு வார்த்தை: விலையேற்றக் கடிதத்துக்குப் பதில் எழுதும்போது செய்யும் தவறுகள்

புதுச்சேரி சேதராப்பட்டு பக்கம் ஒரு தின்பண்டத் தயாரிப்பு நிறுவனத்தில் பர்ச்சேஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். அட்டைப்பெட்டி எங்களுக்குக் கடலூரிலிருந்து வரும். ஐந்து பிளை பெட்டி, ஒன்று 32 ரூபாய், மாதம் 4,000 பெட்டி. ஒரு மாதக் கடைசியில் மெயில் வந்தது: "மூலப்பொருள் விலை உயர்வால் வரும் 1ஆம் தேதி முதல் எல்லா ரேட்டும் 12 சதவீதம் கூடும்." பார்த்துவிட்டேன் என்று தெரிவிக்க 'நோட்டட்' என்று பதில் போட்டேன். அடுத்த லோடுக்கான பில் 35.84 ரூபாய் கணக்கில் வந்தது. கேட்டால், "நீங்கதான் சார் ஒத்துக்கிட்டீங்களே" என்று என் மெயிலையே திருப்பி அனுப்பினார்கள்.

வாயால் சரி என்று சொன்னால்தான் ஒப்புதல் என்று நினைப்பது முதல் தவறு. ரேட் எழுதாமல் பர்ச்சேஸ் ஆர்டர் என்கிற பி.ஓ. ஒன்று போனால் போதும், அல்லது புது ரேட்டில் வந்த பில்லை அக்கவுண்ட்ஸ் பாஸ் செய்துவிட்டால் போதும், ஒத்துக்கொண்டதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். அதனால் முதல் பதில் அன்றைக்கே போக வேண்டும். "உங்கள் கடிதம் கிடைத்தது. பரிசீலனையில் இருக்கிறது. எழுத்தில் உறுதி செய்யும்வரை பழைய ரேட்டே தொடரும்" என்ற அளவு போதும். ஏற்கெனவே கொடுத்த பி.ஓ.வில் சப்ளை ஆகாமல் நிற்கும் எண்ணிக்கையையும் அதிலேயே குறிப்பிட்டு, அவை பழைய ரேட்டில்தான் என்று எழுதிவிடுங்கள்.

அடுத்து, "ஏன் இவ்வளவு ஏத்துறீங்க?" என்று பொதுவாகக் கேட்பது. இதற்கு "பேப்பர் ஏறிப்போச்சு சார்" என்றுதான் பதில் வரும். அதில் பொய் இருக்காது. பேப்பர் ஏறியிருக்கும்தான். ஆனால் பேப்பர் ஏறிய சதவீதமும் பெட்டி ஏற வேண்டிய சதவீதமும் ஒன்றல்ல. கேட்க வேண்டியவை மூன்று: பெட்டி விலையில் பேப்பரின் பங்கு எவ்வளவு, கடைசியாக ரேட் பேசியபோது கிராஃப்ட் பேப்பர் கிலோ என்ன விலை, இப்போது என்ன விலை. மில் பில்லின் நகல் கிடைத்தால் நல்லது. மில் பெயரை மறைத்துக் கொடுத்தாலும் பரவாயில்லை.

எங்களுக்கு வந்த பதிலை வைத்துப் போட்ட கணக்கு இது. பெட்டியின் எடை 650 கிராம். வெட்டுக்கழிவு சேர்த்து ஒரு பெட்டிக்குச் சுமார் 693 கிராம் பேப்பர். பழைய விலை கிலோ 30 ரூபாய் என்றால் பேப்பர் செலவு 20.80. அதாவது 32 ரூபாயில் 65 சதவீதம். இப்போது கிலோ 33, அதனால் பேப்பரில் கூடியது 2.08 ரூபாய். பசை, மை, கரண்ட், கூலி எல்லாம் சேர்ந்து 6.40, அது 5 சதவீதம் ஏறியதாகச் சொன்னார்கள், 32 பைசா. வண்டி வாடகை மாறவில்லை. ஆக மொத்தம் 2.40 ரூபாய், அதாவது 7.5 சதவீதம். அவர்கள் கேட்டது 3.84. மிச்சம் 1.44 ரூபாய்க்குக் கணக்கு இல்லை. மாதம் 4,000 பெட்டிக்கு அது 5,760 ரூபாய்.

இந்த இடத்தில் "ஏமாத்தப் பாக்கறீங்களா" என்று எழுதினால் காரியம் கெட்டுவிடும். வேறு ஆளிடம் போகிறோம் என்று மிரட்டுவதும் அப்படித்தான். கையில் இன்னொரு கொட்டேஷன் இல்லாமல் மிரட்டினால் எதிராளிக்குத் தெரிந்துவிடும். ஆள் மாற்றினால் பிரிண்டிங் பிளாக், சாம்பிள், டெஸ்ட் என்று ஒரு மாதம் போகும் என்பது நம்மைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். கணக்கை மட்டும் வையுங்கள்.

இனி, ரேட்டை மாற்றாமல் வைக்கச் சொல்வது. "ஒரு வருஷத்துக்கு இதே ரேட்" என்று மட்டும் கேட்பதுதான் அதிகம் நடக்கும் தவறு. பேப்பர் மில் எப்போது வேண்டுமானாலும் விலையை மாற்றும். வருஷம் முழுக்க அந்தப் பாரத்தை அவர் தலையில் போட்டால், ஒன்று மறுப்பார், இல்லை ஒத்துக்கொண்டு பேப்பரைக் குறைப்பார். பெட்டி பார்க்க அதேதான் இருக்கும், ஒரு சதுர மீட்டர் பேப்பர் எத்தனை கிராம் என்று சொல்லும் ஜி.எஸ்.எம். இறங்கியிருக்கும். கிடங்கில் ஆறாவது அடுக்கு ஏற்றும்போது கீழ்ப்பெட்டி மடங்கினால்தான் தெரியும். அதனால் ரேட்டைப் பேசும் கடிதத்திலேயே ஜி.எஸ்.எம்., பேப்பர் வெடிக்காமல் தாங்கும் பலத்தைச் சொல்லும் பி.எஃப்., பெட்டி எடை மூன்றையும் எழுதிவிட வேண்டும். லோடு இறங்கும்போது பத்துப் பெட்டியைத் தராசில் வையுங்கள். ஈரம் ஏறினால் எடை கூடும் என்பதால் மழைநாள் எடையை மட்டும் நம்ப வேண்டாம்.

நம் பக்கத்திலிருந்து கொடுக்க இரண்டு விஷயம் உண்டு: எண்ணிக்கை உறுதி, சீக்கிரம் பணம். சப்ளையர் உத்யம் பதிவு உள்ள குறு, சிறு உற்பத்தியாளராக இருந்தால், 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை இழுக்க முடியாது. ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள்தான். நாங்கள் 60 நாள் இழுத்துக்கொண்டிருந்தோம். அந்த லட்சணத்தில் சலுகை கேட்க எனக்கே கூச்சமாக இருந்தது. 30 நாள் என்று எழுதியதும் அவர் பேச்சே மாறியது.

கடைசியில் போன கடிதம் இதுதான்:

"ஐயா, வணக்கம். தாங்கள் தந்த விவரப்படி பெட்டிக்கு 2.40 ரூபாய் உயர்வு எங்களுக்குப் புரிகிறது. மீதி 1.44 ரூபாய்க்கான காரணத்தைத் தெரிவிக்க வேண்டுகிறோம். ஜி.எஸ்.டி. நீங்கலாக, எங்கள் கிடங்கில் இறக்கித் தரும் விலையாக 34.40 ரூபாயை அடுத்த மாதம் 1ஆம் தேதி முதல் ஆறு மாதத்துக்கு வைக்கலாம். மாதம் குறைந்தது 3,500 பெட்டி எடுப்போம். 30 நாளில் பணம். அடிப்படை பேப்பர் விலை கிலோ 33 ரூபாய். அது 5 சதவீதத்துக்கு மேல் ஏறினாலும் இறங்கினாலும் பேப்பர் பங்கை மட்டும் திருத்திக்கொள்வோம். பெட்டி எடை 650 கிராம், ஜி.எஸ்.எம்., பி.எஃப். இணைப்பில் உள்ளபடி. வரும் வெள்ளிக்குள் பதில் தர வேண்டுகிறோம்."

4,000 எடுக்கும் நாம் 3,500 என்று எழுதியது வேண்டுமென்றேதான். விற்பனை படுத்த மாதத்தில் உறுதி நம் கழுத்தைப் பிடிக்கக் கூடாது.

இன்னொரு ஆசை வரும்: ரேட் ஏறுவதற்குள் மூன்று மாதப் பெட்டியைப் பழைய விலையில் வாங்கி அடுக்கிவிடலாம் என்று. பிப்ரவரியில் யோசிக்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் நம் கரையோரத்தில் வேண்டாம். காற்றின் ஈரத்தைக் குடித்தே கிராஃப்ட் பெட்டி பலம் இழக்கும். 2024 நவம்பர் 30 அன்று பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது பெய்த மழை மாதிரி ஒன்று வந்தால், மிச்சப்படுத்திய காசு அடி அடுக்கோடு போய்விடும்.

34.50க்கு முடிந்தது. 10 பைசாவுக்கு நான் மல்லுக்கட்டவில்லை. நான்காம் மாதம் பேப்பர் கிலோ 31க்கு இறங்கியது. 6 சதவீதம் குறைவு. பில் மட்டும் 34.50லேயே வந்துகொண்டிருந்தது. பழைய கடிதத்தை இணைத்து ஒரு வரி எழுதினேன்: 693 கிராமுக்கு கிலோவுக்கு 2 ரூபாய், ஆக 1.39 குறைய வேண்டும். அடுத்த பில் 33.11க்கு வந்தது.