இசப்கோல் குடித்தால் மெலியலாமா? முதன்முறை குடிப்பவர்களுக்கு

மட்டக்களப்பில் பாமசிக்குப் போனால் இசப்கோல் உமிப் பெட்டி எளிதாகக் கிடைக்கும். மலச்சிக்கலுக்கு வாங்கியது போய், இப்போது உடம்பு மெலியவென்றே பலர் வாங்குகிறார்கள். குடிக்கும் முன் வீட்டில் ஒன்று செய்து பாருங்கள். ஒரு தேக்கரண்டி உமியை அரைக் கப் தண்ணீரில் போட்டுப் பத்து நிமிடம் விட்டால் கஞ்சி போலத் தடித்துவிடும். வயிற்றுக்குள்ளும் இப்படித்தான் ஊதி இடத்தை அடைக்கிறது, சாப்பாடும் மெதுவாக இறங்குகிறது, அதனால் பசி கொஞ்சம் தள்ளிப்போகும். கொழுப்பைக் கரைக்கும் வேலை எதுவும் இதற்கு இல்லை.

சரி, எப்படிக் குடிப்பது? முதல் வாரம் நாளுக்கு ஒரு தேக்கரண்டி போதும். பெரிய கிளாசில் 250 மில்லிலீற்றர் தண்ணீர் எடுத்து, உமியைப் போட்டுக் கலக்கி, தடிக்கும் முன் உடனே குடித்துவிட்டு மேலே இன்னொரு அரைக் கிளாஸ் குடியுங்கள். உலர் உமியை வாயில் போட்டு விழுங்கவே கூடாது, தொண்டையில் ஊதி அடைத்துவிடும். விழுங்கக் கஷ்டப்படுகிறவர்களும் குடல் ஒடுங்கிய வருத்தம் உள்ளவர்களும் இதைத் தொடவே வேண்டாம். வயிறு ஒத்துக்கொண்டால் அடுத்த வாரம் இரண்டு தேக்கரண்டி. வயிறு இறுகி மலம் கட்டியானால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம், எங்கள் ஊர் வெயிலில் அது சுலபமாக நடக்கும்.

நேரம்தான் முக்கியம். கல்லடியில் எனக்குத் தெரிந்த ஒரு அக்கா ஒரு மாதமாக இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு குடித்தார், எடை அசையவே இல்லை. சாப்பிட்டு முடித்த பிறகு பசி அடங்கி என்ன பயன்? மத்தியானச் சோற்றுக்கு இருபது நிமிடம் முன்பு குடிக்கச் சொன்னேன், சோற்றையும் கப்பால் அளந்து போடச் சொன்னேன். இரண்டு கப் சோறு ஒன்றரை ஆனது. அந்த அரைக் கப் ஏறக்குறைய 100 கலோரி, மாதத்துக்கு 3000. கணக்குப்படி அரைக் கிலோவுக்கும் குறைவுதான் குறையும், அவருக்கும் அவ்வளவுதான் குறைந்தது. ஆனால் பின்னேரம் சீனி போட்ட தேத்தண்ணியும் பணிசும் கூடினால் அதுவும் போய்விடும்.

ஆராய்ச்சிகளும் ஒரே மாதிரிச் சொல்லவில்லை. சிலவற்றில் எடை குறையவே இல்லை, சாப்பாட்டுக்கு முன் மாதக்கணக்கில் குடித்த பருமனானவர்களில் இரண்டு கிலோ அளவு குறைந்திருக்கிறது. ஒரு மாதத்தில் பத்துக் கிலோ என்று யாராவது சொல்லி விற்றால் வாங்காதீர்கள்.

அப்புறம், மாத்திரை குடிப்பவர்கள் இரண்டு மணித்தியாலம் இடைவெளி விடுங்கள், இது மருந்து உடம்பில் சேர்வதைக் குறைக்கலாம். சீனி வருத்தத்துக்கு மருந்து எடுப்பவர்கள் டொக்டரிடம் சொல்லிவிட்டே தொடங்குங்கள், சீனி அளவு இறங்கினால் மருந்தின் அளவை மாற்ற வேண்டிவரும்.